குறூப்பில் சேர் போட்ட எண் பிழை: முகம் முறியாமல் திருத்துவது எப்படி?

சம்பளப் பட்டியல் போகிற வாரம். கந்தோர் வட்ஸ்அப் குறூப்பில் மூத்த கணக்காளர் ஒரு அறிவுறுத்தல் போடுகிறார். அதில் உள்ள எண் பிழை என்று, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான உங்களுக்குத் தெரிகிறது. கிளைகளில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக "சரி சேர்" போடத் தொடங்கிவிட்டார்கள். பேசாமல் இருந்தால் பிழையான எண் சம்பளச் சீட்டுவரைக்கும் போகும். குறூப்பிலேயே சொன்னால் இருபது பேர் முன்னால் அவருடைய முகம் முறியும். அதற்குப் பிறகு அந்தக் கந்தோரில் உங்களுக்கு வேலை பழக்க ஆள் இருக்காது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. திருத்தம் அவருடைய கையாலேயே, அவருடைய பெயரிலேயே குறூப்புக்குப் போகவேண்டும். அதை அவர் ஒரு நிமிடத்தில் செய்து முடிக்கிற அளவுக்கு எல்லாவற்றையும் ஆயத்தமாக்கிக் கொடுப்பதுதான் உங்கள் வேலை. எப்படி என்பதைச் சம்பள வரி உதாரணம் ஒன்றை வைத்துக் கடைசிவரை பார்ப்போம்.

உதாரணம் இதுதான். யாழ்ப்பாண நகரில் தலைமைக் கந்தோரும் சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரியில் கிளைகளும் உள்ள ஒரு தனியார் நிறுவனம். 2025 ஏப்ரல் 22, காலை 9.40. கணக்காளர் குறூப்பில் எழுதுகிறார்: "இந்த மாதச் சம்பளத்தில் 100,000 ரூபாவுக்கு மேல் எடுக்கிற எல்லோருக்கும் வரி கழித்து, பட்டியலை இன்று 2 மணிக்கு முன் அனுப்பவும்." வங்கிக்குக் கோப்பு அனுப்புவது 23 ஆம் திகதி. சம்பளம் 25 ஆம் திகதி.

பிழை எங்கே? மாதம் 100,000 ரூபா என்ற வரிவிலக்கு வரம்பு 2025 மார்ச் 31 வரைக்கும்தான். ஏப்ரல் 1 இலிருந்து அது 150,000.

## 1. அது என்ன மாதிரிப் பிழை என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

மூத்தவர்கள் விடும் எண் பிழைகளில் பெரும்பாலானவை அறியாமையால் வருவதில்லை. ஒரு காலத்தில் சரியாக இருந்த எண்ணை மனதில் வைத்திருப்பதால் வருகின்றன. இந்த உதாரணத்தில் 100,000 என்பது 2023 ஜனவரியிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு மாதமும் அவர் சரியாகப் பயன்படுத்திய எண். மாற்றம் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. இதைப் "பழைய எண்" என்று வைத்துக்கொள்வோம். திருத்துவதற்கு மிகச் சுலபமான வகை இது. "மார்ச் வரைக்கும் அதுதான் சரி" என்று நீங்கள் உண்மையாகவே சொல்லலாம், அவரும் உண்மையாகவே சொல்லலாம். முகத்தைக் காப்பாற்றுவதற்கு ஒரு பொய்யும் தேவைப்படாது.

இரண்டாவது வகை கைத்தவறு: 15 ஆம் திகதி என்பது 51 என்று விழுவது, ஒரு பூச்சியம் குறைவது. இதற்கு இந்தக் கட்டுரையில் உள்ள ஆயத்தம் ஒன்றும் வேண்டாம். தனியே ஒரு வரி போதும்.

மூன்றாவதுதான் சிக்கலானது: பொருள்கோடல். ஊழியர் சேமலாப நிதியை அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கணித்தால் போதும் என்று ஒருவர் எழுதினால், அது பழைய எண்ணும் அல்ல, கைத்தவறும் அல்ல. வாழ்க்கைச் செலவுப் படியும் அந்தக் கணக்கில் சேரவேண்டும் என்பதுதான் சரி. ஆனால் அந்தக் கந்தோரில் பல வருடமாக அப்படியே நடந்து வந்திருந்தால், உங்கள் திருத்தம் ஒரு எண்ணோடு நிற்காது. பழைய கணக்குகளையும் கிளறும். அதைச் செய்தியாக அனுப்பவே வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு நேரில் கதைக்கவேண்டிய விடயம் அது.

இதே இடத்தில் புதியவர்கள் விழுகிற குழி ஒன்றும் இருக்கிறது. சேமலாப நிதிக்கு மேலதிக நேரக் கொடுப்பனவைச் சேர்க்கவில்லை என்று பார்த்தவுடன், "சேர் பிழை விட்டுவிட்டார்" என்று துள்ளுவார்கள். ஆனால் மேலதிக நேரக் கொடுப்பனவு அந்தக் கணக்கில் சேராது. சேர் செய்ததுதான் சரி. படி சேரும், மேலதிக நேரம் சேராது என்ற வேறுபாட்டைப் பாடப்புத்தகத்தில் மேலோட்டமாகப் படித்தவர் தவறவிடுவார், முப்பது வருடம் பட்டியல் போட்டவர் தவறவிடமாட்டார். ஆகவே பிழை என்று பட்ட உடனே கை போனுக்குப் போகக்கூடாது. ஆவணத்துக்குப் போகவேண்டும்.

## 2. ஆவணத்தை ஒரு பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள்

இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் போனால் குறூப்பில் பிழை பரவிவிடும். அதற்குக் குறைந்தால் நீங்களே பிழை விடுவீர்கள்.

சம்பள வரிக்கு மூல ஆவணம் உண்ணாட்டரசிறைத் திணைக்களம் வெளியிடும் வரிக் கழிப்பு அட்டவணை. பத்திரிகைச் செய்தியோ, முகநூலில் வந்த படமோ, வேறு கந்தோரில் வேலைசெய்யும் நண்பர் அனுப்பிய தாளோ ஆவணம் ஆகாது. அவற்றைக் காட்டினால் கதை வரம்பை விட்டு, "உனக்கு இதை ஆர் தந்தது?" என்பதற்குத் திரும்பிவிடும்.

அட்டவணையில் மூன்று விடயத்தைப் பாருங்கள். முதலாவது, எந்த வரி ஆண்டுக்கு உரியது: மேலே 2025/2026 என்று இருக்கவேண்டும். இரண்டாவது, எந்தத் திகதியிலிருந்து: 2025 ஏப்ரல் 1. மூன்றாவது, எண் மாதத்துக்கா வருடத்துக்கா என்பது. அரைவாசிக் குழப்பம் இந்த மூன்றாவதில்தான் வருகிறது. சட்டத்தில் விலக்கு வருடத்துக்கு 1,800,000 ரூபா என்று இருக்கும். கணக்காளர் மாதக் கணக்கில் எழுதியிருக்கிறார். 12 ஆல் பிரித்து 150,000 என்று நீங்களே எழுதி வையுங்கள். அவசரத்தில் இருப்பவரிடம் 18 இலட்சம் என்று நீட்டினால், அது தன்னுடைய 100,000 உடன் எப்படிப் பொருந்துகிறது என்று யோசிக்கும் வேலையையும் அவர் தலையில் போடுகிறீர்கள்.

பிறகு அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, அந்த ஒரு வரியை மட்டும் அடையாளப்படுத்துங்கள். நாற்பது பக்கக் கோப்பை அனுப்பாதீர்கள். அதைத் திறந்து தேடவேண்டி வந்தால், "பிறகு பார்ப்பம்" என்று வைத்துவிடுவார்.

கடைசியாக, இந்தப் பிழையால் கையில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று இரண்டு சம்பளத்துக்குக் கணித்து வையுங்கள். சட்டப் பிரிவைவிட இதுதான் வேகமாக வேலை செய்யும்.

மாதம் 140,000 எடுப்பவரைப் பாருங்கள். பழைய வரம்புப்படி மேலதிகம் 40,000. அதற்கு 6 சதவீதம், 2,400 ரூபா கழியும். புதிய வரம்புப்படி ஒரு சதமும் கழியாது.

180,000 எடுப்பவருக்குப் பழைய முறையில் மேலதிகம் 80,000. பழைய 6 சதவீதப் படி வருடத்துக்கு 500,000, மாதத்துக்கு 41,667. ஆகவே மேலதிகத்தில் முதல் 41,667 க்கு 6 சதவீதம் 2,500. மிச்சம் 38,333 க்கு 12 சதவீதம் 4,600. மொத்தம் 7,100 ரூபா. புதிய முறையில் மேலதிகம் 30,000 தான், அதுவும் முழுக்க 6 சதவீதப் படியிலேயே நிற்கும்: 1,800 ரூபா. ஆக 5,300 ரூபா கூடுதலாகக் கழிபடும்.

இந்தக் கணக்கு உங்களுக்கும் ஒரு சோதனை. வரம்பு மட்டும் மாறவில்லை, 6 சதவீதப் படியின் நீளமும் வருடத்துக்கு 500,000 இலிருந்து 1,000,000 ஆகியிருக்கிறது என்பது கணித்துப் பார்த்தால்தான் தெரியவரும். வரம்பை மட்டும் திருத்தச் சொல்லிவிட்டு வந்தால், 191,667 க்கு மேல் எடுப்பவர்களுக்குப் பட்டியல் மறுபடியும் பிழைக்கும். உதாரணமாக 200,000 எடுப்பவருக்கு மேலதிகம் 50,000. புதிய முறையில் 3,000 ரூபா. வரம்பை மாத்திரம் மாற்றிப் பழைய படிகளை விட்டால் 3,500 வரும். ஒரே நாளில் இரண்டு திருத்தம் போடவைத்தால், முதலாவது எவ்வளவு மரியாதையாக நடந்திருந்தாலும் அவருக்கு அது இரட்டை அவமானம்.

## 3. எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள்

மூன்று கடிகாரம் ஓடுகிறது.

முதலாவது, வட்ஸ்அப்பின் கடிகாரம். அனுப்பியவர் தன் செய்தியை மாற்றி எழுத 15 நிமிடம்தான் உண்டு. 9.40 க்குப் போட்டதை 9.55 வரை மாற்றலாம். நீங்கள் 9.48 க்குப் பார்த்து, பத்து நிமிடம் ஆவணம் தேடினால் அது முடிந்துவிடும். முடியட்டும். அந்த 15 நிமிடத்தைப் பிடிக்க ஓடி, சரிபார்க்காமல் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, வேலையின் கடிகாரம். நம் உதாரணத்தில் மதியம் 2 மணி. கிளைக்காரர் அதற்குள் பட்டியல் போடுவார்கள் என்றால், 11 மணிக்கு முன்னர் திருத்தம் போனால் ஒருவரும் இரண்டு முறை வேலை செய்யத் தேவையில்லை.

மூன்றாவது, பணத்தின் கடிகாரம். 23 ஆம் திகதி வங்கிக்குக் கோப்பு போகும்வரை திருத்தம் என்பது ஒரு பட்டியலை மாற்றுவது மட்டும்தான். 25 க்குப் பிறகு, கூடக் கழித்ததை ஊழியர்களுக்குத் திருப்பிக் கொடுக்கத் தனியாக ஒரு கொடுப்பனவு போடவேண்டும். கழித்த வரி அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள், அதாவது மே 15 க்குள், திணைக்களத்துக்குக் கட்டப்படவேண்டும். கட்டிய பிறகு வருவது கணக்குப் பிரிவோடு முடியாது. திகதி தாண்டத் தாண்ட, பிழையைப் பார்ப்பவர்களின் எண்ணிக்கையும் கூடும். அவருடைய மரியாதையைக் காப்பது உங்கள் நோக்கம் என்றால், தள்ளிப்போடுவது அதற்கு உதவாது.

## 4. தனியே அனுப்புங்கள், முதல் வரியைக் கவனமாக எழுதுங்கள்

குறூப்பில் அவருடைய செய்தியை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் `Reply privately` என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் அவரோடான தனி உரையாடல் திறக்கும். எந்தச் செய்தியைப் பற்றிக் கதைக்கிறீர்கள் என்பதும் மேலே தெரியும். ஆனால் சாதாரண `Reply` உம் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அனுப்புவதற்கு முன் திரையின் மேல்பக்கத்தைப் பாருங்கள்: அவர் பெயர் இருக்கிறதா, குறூப்பின் பெயர் இருக்கிறதா? இந்த இடத்தில் நடக்கும் விபத்தைத் திரும்பிச் சரிசெய்வது மிகக் கடினம். நீங்கள் உடனே அழித்தாலும் "இந்தச் செய்தி அழிக்கப்பட்டது" என்ற அடையாளம் குறூப்பில் நிற்கும். என்ன எழுதியிருந்தீர்கள் என்று இருபது பேரும் ஊகிப்பார்கள்.

அடுத்தது முதல் வரி. அவருடைய போன் மேசையில் கிடக்கலாம். வட்ஸ்அப்பைக் கணினித் திரையில் திறந்து வைத்திருக்கலாம். பக்கத்தில் முகாமையாளர் நிற்கலாம். அறிவிப்பில் தெரிவது முதல் சில சொற்கள்தான். ஆகவே "பிழை", "தவறு" என்ற சொற்கள் அந்த வரியில் வரவே கூடாது.

இப்படி எழுதலாம்:

"சேர், சம்பளப் பட்டியல் சம்பந்தமா ஒரு விசயம் பார்க்கோணும். ஏப்ரல் 1 இலிருந்து வரி இல்லாத வரம்பு மாதம் 150,000 ஆக மாறியிருக்குது. மார்ச் வரைக்கும்தான் 100,000. திணைக்களத்தின்ர 2025/2026 அட்டவணைப் பக்கம் கீழே போட்டிருக்கிறன். 140,000 எடுக்கிறவருக்கு இதாலை 2,400 ரூபா வித்தியாசம் வருது. கிளையளுக்கு நீங்கள் சொல்லுறதுக்கு வசதியா ஒரு வரி எழுதி வைச்சிருக்கிறன், அனுப்பிவிடட்டோ?"

இதில் உள்ள ஒழுங்கைக் கவனியுங்கள். மாற்றம் நடந்தது சட்டத்தில் என்று முதலில் வருகிறது. அவருடைய எண் எதுவரைக்கும் சரியாக இருந்தது என்பது அடுத்து வருகிறது. பிறகு தாள், பிறகு தொகை, பிறகு அவருக்கு மிச்சமாக உள்ள வேலை. "நீங்கள் போட்டது" என்ற தொடர் ஓரிடத்திலும் இல்லை.

சிலர் அதீத பணிவில், "நான் பிழையாச் சொன்னால் மன்னிக்கோணும், எனக்கு ஒண்டும் தெரியாது, ஆனால்..." என்று தொடங்குவார்கள். செய்யாதீர்கள். ஆவணம் கையில் இருக்கும்போது அப்படி எழுதினால் ஒன்றில் நடிப்பாகப் படும், அல்லது உண்மையிலேயே உங்களுக்குத் தெரியாது என்று எண்ணி அவர் விட்டுவிடுவார். மரியாதை விளிச்சொல்லில் இருந்தால் போதும், எண்ணில் தயக்கம் இருக்கக்கூடாது.

விளிச்சொல் பற்றியும் ஒன்று. தினமும் நீங்கள் "அண்ணை" என்று கூப்பிடுபவரை இன்றைக்கு மட்டும் "சேர்" என்று எழுதினால், கோபமாகவோ விலகியோ எழுதுகிறீர்கள் என்றுதான் அவர் எடுப்பார். "மிஸ்" என்று அழைப்பவரை "மடம்" ஆக்குவதும் அப்படித்தான். வழமையான சொல்லையே பாவியுங்கள்.

குரல் பதிவு அனுப்பாதீர்கள். அவர் மற்றவர்கள் முன்னால் அதை ஒலிக்கவிட்டால், தனியே சொன்னது தனியே இருக்காது. கந்தோர் ஒரே கட்டடத்தில் என்றால் எழுந்து போய்த் தாளைக் காட்டுவது எல்லாவற்றையும்விட நல்லது. ஆனால் அவருடைய மேசையைச் சுற்றி ஆட்கள் நிற்கும்போது போகாதீர்கள்.

## 5. அவர் போடவேண்டிய செய்தியை நீங்களே எழுதிக் கொடுங்கள்

பெரும்பாலானோர் விடும் படி இதுதான். பிழையைச் சொல்லிவிட்டு நின்றுவிடுவார்கள். அதன் பிறகு அந்த மூத்தவர் தனியே இருந்து, "குறூப்பில் இதை எப்படிச் சொல்வது" என்று யோசிக்கவேண்டும். அந்த யோசனையிலேயே ஒரு மணித்தியாலம் போகும். சிலவேளை சொல்லாமலே விட்டு, ஒவ்வொரு கிளைக்கும் போன் எடுத்துச் சொல்ல முயல்வார். ஒரு கிளை விடுபடும்.

அவர் சரி என்றதும் இதை அனுப்புங்கள்:

"காலையில் சொன்னது மார்ச் வரையான வரம்பு. ஏப்ரல் 1 முதல் மாதம் 150,000 ரூபா வரை வரி இல்லை, வரிப் படிகளும் மாறியுள்ளன. 2025/2026 அட்டவணை இத்துடன் உள்ளது. எல்லோரும் இதன்படி கணித்து இன்று 2 மணிக்கு முன் அனுப்பவும். ஏற்கெனவே பட்டியல் போட்டவர்கள் மாற்றி அனுப்பவும்."

இது அவருடைய குரலில் இருக்கவேண்டும். அவர் வழமையாகச் சுருக்கமாக எழுதுபவர் என்றால் சுருக்குங்கள். உங்கள் பெயர் இதில் வரவேண்டியதில்லை. மன்னிப்பும் நீங்கள் எழுதிவைக்கவேண்டியது அல்ல. சேர்ப்பதா என்பது அவருடைய விருப்பம். ஆனால் "காலையில் சொன்னது" என்ற தொடர்பு கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் புதிய எண்ணை மட்டும் போட்டால், எது கடைசி அறிவுறுத்தல் என்று நெல்லியடிக் கிளை கேட்டு எழுதும். நீங்கள் தவிர்க்க நினைத்த கதை குறூப்பிலேயே தொடங்கிவிடும்.

## 6. பழைய செய்தியை என்ன செய்வது

அவர் உங்களிடம் இதைக் கேட்பார். மூன்று வழி உண்டு.

15 நிமிடத்துக்குள் என்றால் `Edit` மூலம் மாற்றலாம். ஆனால் மாற்றினால் யாருக்கும் புதிய அறிவிப்புப் போகாது. ஏற்கெனவே வாசித்துவிட்டு வேலையைத் தொடங்கியவருக்கு அது தெரியாது. தன் செய்தியை அழுத்தி `Info` இல் பார்த்தால், யார் யார் வாசித்துவிட்டார்கள் என்று அவருக்கு மட்டும் தெரியும். ஒருவரும் வாசிக்கவில்லை என்றால் மாற்றினால் போதும். ஒருவர் வாசித்திருந்தாலும் புதிய செய்தி வேண்டும். இன்னொன்று: எண் ஒரு படத்திலோ தாளின் புகைப்படத்திலோ இருந்தால், படத்துக்குள் இருப்பதை `Edit` மாற்றாது.

அழிப்பது இரண்டாவது வழி. ஏறக்குறைய இரண்டரை நாள்வரை எல்லோருக்குமாக அழிக்கலாம். ஆனால் வாசித்து "சரி சேர்" போட்டவர்கள் இருக்கும்போது அழித்தால், அந்தச் "சரி சேர்"கள் அந்தரத்தில் நிற்கும்; "என்ன சேர் அழிச்சனீங்கள்?" என்று யாராவது கேட்பார்கள். வேறு குறூப்புக்கு அனுப்பப்பட்ட பிரதிகளும் அழியாது. நீங்கள் குறூப் நிர்வாகியாக இருந்தாலும் அவருடைய செய்தியை நீங்கள் அழிப்பதை எந்த நிலையிலும் செய்யவேண்டாம். நிர்வாகி அழித்தார் என்றே அங்கே எழுதி நிற்கும்.

மூன்றாவது வழிதான் பெரும்பாலும் சரி: பழையதை அப்படியே விட்டு, புதிய செய்தியைப் போட்டு, அதை மேலே `Pin` பண்ணி வைப்பது. 24 மணித்தியாலம் போதும். அடுத்த நாள் தானாகவே போய்விடும்.

## 7. பதில் வராவிட்டால்

10.05 க்குத் தனியே அனுப்பினீர்கள். 10.20 வரை பார்க்கவில்லை. போன் எடுங்கள். எடுக்காவிட்டால் 10.45 க்கு மறுபடியும் ஒரு முறை. கூட்டத்தில் இருக்கிறார், வங்கிக்குப் போயிருக்கிறார் என்று தெரிந்தால், அவரோடு சமமாகப் பழகும் இன்னொரு மூத்தவரிடம், "சேர் எப்ப வருவார், ஒரு விசயம் அவசரமாக் காட்டோணும்" என்று மட்டும் கேளுங்கள். என்ன விடயம் என்று சொல்லவேண்டாம்.

11 மணி தாண்டினால் பிழையைத் திருத்தாமலே வேலையை நிறுத்திவைக்கலாம். பட்டியல் போடும் மூன்று கிளைக்காரருக்கும் தனித்தனியே போன் எடுத்து, "வரிப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் நிப்பாட்டி வையுங்கோ, புது அட்டவணையை சேரிட்டைக் காட்டிப்போட்டு சொல்லுறன்" என்று சொல்லுங்கள். சேமலாப நிதி, மற்றைய கழிவுகள் எல்லாவற்றையும் அவர்கள் இதற்கிடையில் முடிக்கலாம். குறூப்பில் எழுதவேண்டாம், மூன்று அழைப்புக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

## 8. ஏற்க மறுத்தால்

"எனக்குத் தெரியும், 100,000 தான்" என்று பதில் வரலாம். அந்த இடத்தில் மறுபடியும் அதே செய்தியை அனுப்பாதீர்கள். அட்டவணைப் பக்கத்தை அச்சிட்டு, 140,000 கணக்கையும் பென்சிலால் எழுதிக்கொண்டு நேரில் போங்கள். "சேர், இந்தத் தாளைப் பார்த்தால் எனக்கு இப்பிடித்தான் வருது, எங்கை விடுபடுது எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். போனில் பிடிவாதமாக இருப்பவர் தாளையும் பேனையையும் கண்டால் தானே கணக்குப் போடத் தொடங்குவார். அவர் கையாலேயே விடை வந்தால் அதற்குப் பிறகு வாதம் இல்லை.

அப்படியும் முடியாவிட்டால், அவருக்கு மட்டும் ஒரு ஈமெயில்: திகதி, ஆவணம், இரண்டு கணக்கு, நான்கு வரி. முகாமையாளருக்குப் பிரதி போடவேண்டாம். பிரதி போட்ட நிமிடமே அது முறைப்பாடாகிவிடும். 23 ஆம் திகதி காலைவரை மாற்றம் இல்லை என்றால்தான் முகாமையாளரிடம் போகவேண்டும். அதையும் அவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்: "சேர், கோப்பு இண்டைக்குப் போகுது, அதாலை மனேஜரிட்டையும் இதைக் காட்டி ஒருக்கா உறுதிப்படுத்தப் போறன்." ஊழியர்களின் கையிலிருந்து காசு போகும்போது இந்த அளவுக்குப் போவது சரிதான். எண் யாருடைய காசையும் தொடாத ஒன்று என்றால், உதாரணமாகக் கிளை தொடங்கிய வருடத்தைப் பிழையாகச் சொன்னார் என்றால், நான்காம் படியோடு நிறுத்திவிடுங்கள்.

## 9. வேறொருவர் குறூப்பிலேயே போட்டுவிட்டால்

நீங்கள் தாள் தேடிக்கொண்டிருக்கும்போதே, "சேர் அது பிழை, 150,000 இப்ப" என்று சாவகச்சேரியிலிருந்து யாராவது எழுதிவிடலாம். அதற்குக் கட்டைவிரல் போடாதீர்கள். மூன்று பேர் கட்டைவிரல் போட்டால் மூன்று பேர் சேர்ந்து சொன்னதாக ஆகும்.

அந்த நேரத்தில் குறூப்பில் நீங்கள் எழுதக்கூடியது ஒன்றே ஒன்று: "மார்ச் வரை 100,000, ஏப்ரல் 1 இலிருந்து மாறியிருக்கிறது. புதிய அட்டவணையை சேரிடம் கொடுத்திருக்கிறேன், அவர் அறிவித்ததும் அதன்படி செய்யலாம்." கொடுத்த பிறகுதான் இதை எழுதவேண்டும். முதல் பாதி அவருடைய எண்ணுக்குரிய இடத்தைக் கொடுக்கிறது. இரண்டாம் பாதி முடிவை அவருடைய கைக்கே திருப்பி அனுப்புகிறது.

திருத்தம் போன பிறகு உங்களுக்கு இரண்டு வேலை மிச்சம். 2 மணிக்கு வந்த பட்டியல்களில் 100,000 க்கும் 150,000 க்கும் இடையில் சம்பளம் எடுப்பவர்களை மட்டும் தேடி, வரி நிரலில் பூச்சியம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய எண்ணில் போட்ட கிளை இந்த இடத்தில் உடனே அகப்படும். அட்டவணையின் அச்சுப் பிரதியைச் சம்பளக் கோப்பின் முன்பக்கத்தில், எந்தத் திகதியிலிருந்து என்று மேலே எழுதி, கொளுவி விடுங்கள். அடுத்த மாதம் அறிவுறுத்தல் எழுதும்போது சேர் திறக்கும் முதல் பக்கம் அதுவாக இருக்கும்.